அண்ணாச்சிக்கு, வருஷக் கடைசியில்

வணக்கம் அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சி இசக்கி எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நன்றி என்று ஆரம்பித்தாலே நீங்கள் "அதெல்லாம் கிடக்கட்டும், அம்மை சுகமா இருக்காளா?" என்று பேச்சை மாற்றிவிட்டுப் போனை வைத்துவிடுவீர்கள். அதனால்தான் வாட்ஸப்பில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் தம்பியிடம் கொடுத்துப் பெரிதாக்கச் சொல்லுங்கள், ஆனால் முழுசாகப் படியுங்கள்.

ஜனவரி கடைசியில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி, திருநெல்வேலி டவுன் ஸ்டேஷனில் இறங்கி, இரண்டு பை அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு ரத வீதியில் கடை கடையாக ஏறி இறங்கிக் கடைசியாகத்தான் உங்கள் கடைக்கு வந்தேன். தம்பி "இப்ப வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டார். உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்த நீங்கள்தான் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, கலர் வாங்கிக் கொடுத்து, ஒரு அப்பளத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தீர்கள். "சரக்கு நல்லாருக்கு. கிலோ என்ன விலைக்குப் போடுத?" என்று கேட்டீர்கள். 210 என்றேன். "உனக்கு எவ்வளவு நிக்கி?" என்றீர்கள். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம், எண்ணெய் எல்லாம் சேர்த்து 145, கவரும் லேபிளும் 12, வண்டிச் செலவு 8, ஆக 165, மிச்சம் 45 என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

அடுத்து நீங்கள் கேட்ட கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன் அண்ணாச்சி. "இதுல உங்கம்மைக்கு என்ன கூலி போட்டிருக்க?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் அம்மா, சித்தி, நான், மூன்று பேரும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவு பிசைந்து, இடித்து, உருட்டி, மத்தியானம் வரை அப்பளம் இடுவோம். அதற்கு ஒரு விலை இருக்கிறது என்றே எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. "உங்கம்மையை அடுத்த தெருவுல ஒருத்தன் வேலைக்குக் கூப்பிட்டா கிலோவுக்கு எவ்வளவு கொடுப்பான், அதை எழுது. உடைஞ்சு போறதை எழுது. அதுக்கப்புறம் லாபத்தைச் சொல்லு" என்று ஒரு நீளக் கணக்கு நோட்டையும் கொடுத்து அனுப்பினீர்கள். திரும்பி வரும்போது பாசஞ்சரிலேயே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கூலி 40, உடைசல் 10, மொத்தம் 215. நான் 210க்கு விற்றுக்கொண்டிருந்தேன். சேரன்மகாதேவி வருகிறவரை அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன், தப்பு எங்கேயோ இருக்கும் என்று. இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து போன இரண்டு மூட்டை மாவால்தான் கடன் வந்தது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கடன் அதனால் ஆரம்பித்தது உண்மைதான், ஆனால் அது குறையாமல் நின்றதற்கு ஒவ்வொரு கிலோவுக்கும் நானே கையை விட்டு ஐந்து ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

மார்ச்சில் விலையை 240 ஆக்கினேன். வாங்கிக்கொண்டிருந்த பதினொரு கடைகளில் இரண்டு கடைகள் உடனே நிறுத்திவிட்டன. அன்று ராத்திரி உங்களுக்குப் போன் செய்து அழுதேன், ஞாபகம் இருக்கிறதா? "ரெண்டு போனா ஒம்பது இருக்குல்லா, அந்த ஒம்பதுக்கு ஒழுங்கா போடு" என்றீர்கள், அவ்வளவுதான். போனதில் ஒரு கடை ஆடி மாசம் தானாகவே திரும்பி வந்தது.

விலையை விடவும் பெரிசாக எனக்குத் தோன்றுவது அந்தக் கூலிதான். எழுதி வைத்தால் போதாது, கையில் கொடு என்று நீங்கள் சொன்னபடியே சனிக்கிழமை தோறும் அம்மாவுக்கும் சித்திக்கும் எண்ணிக் கொடுக்க ஆரம்பித்தேன், என் பங்கைத் தனியாக என் கணக்கில் போட்டேன். முதல் சனிக்கிழமை அம்மா வாங்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "வீட்டு வேலைக்கு எவளாவது காசு வாங்குவாளா?" என்று கோபம் வேறு. சித்தி சிரித்துக்கொண்டே வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள், அதைப் பார்த்த பிறகுதான் அம்மா கையை நீட்டினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பத்தெட்டு வருஷமாக அப்பளம் இடுகிறாள் அண்ணாச்சி, அதற்கென்று அவள் கையில் காசு வந்தது அதுதான் முதல் தடவை. அன்று சாப்பிடும்போது அந்த நோட்டுகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். நான் பார்க்காதது மாதிரி எழுந்து வெளியே போய்விட்டேன்.

மூன்றாவது மாசம் ஒரு நாள் "எனக்குக் கண்ணாடி போடணும்" என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், கேட்க ஒரு மாதிரி இருந்தது என்கிறாள். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டிக் கண்ணாடி வாங்கினோம், அவள் காசில்தான், என்னைக் கொடுக்க விடவில்லை. அதற்கு முன்னால் நூறு அப்பளத்துக்கு ஆறேழு ஓரம் விரியும், ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வரும். நான் மாவுப் பதத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், காரத்தை மாற்றிப் பார்த்தேன், காய வைக்கும் நேரத்தைக் குறைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு ஓரம் சரியாகத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். இப்போது இரண்டு மூன்றுதான் போகிறது. உங்களிடம் இதைச் சொல்லவே இல்லை, சொன்னால் சந்தோஷப்படுவீர்கள் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அப்புறம் கடன் சரக்கு. உங்களிடம் வந்தபோது கடைகளில் நிலுவை 38,000 ரூபாய் நின்றது, அதில் ஒரே கடையில் மட்டும் 11,400. ஏழு மாசமாக இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார்கள். கேட்கப் போனால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று எனக்குப் பயம். நீங்கள் சொன்னது எனக்குப் புதுசாக இருந்தது: "நானும் நாப்பது வருஷம் கல்லாவுல இருந்தவன்தான். உன்னை மாதிரி சின்ன ஆளுக காசை நிறுத்தி வச்சுத்தான் பெரிய கம்பெனிக்காரனுக்குக் கொடுப்போம், ஏன்னா அவன் சரக்கை நிறுத்திருவான், நீ நிறுத்த மாட்ட. நீயும் நிறுத்து, காசு வரும்." ஒரு கடைக்காரர் இப்படித் தன் பக்கத்து உண்மையை எடுத்துச் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை. எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். சண்டை போடாதே, முகத்தை மாற்றாதே, சரக்கைக் கையில் வைத்துக்கொண்டே "போன பில்லை முடிச்சு விடுங்க, இதை இறக்கிருதேன்" என்று மட்டும் சொல், சொல்லிவிட்டு நில். நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் கடையில் கால் நடுங்கியது. ஆனால் ஏப்ரல், மே இரண்டே மாசத்தில் 26,600 வந்துவிட்டது. அந்த ஒரு கடையும் மூன்று தவணையாக 7,400 கொடுத்தது, இன்னும் 4,000 நிற்கிறது. அவர்களுக்கு இப்போது சரக்குப் போடுவதில்லை.

அந்தக் காசுதான் மழைக்காலத்துக்குக் கை கொடுத்தது. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பாடு உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் ஆர்டர் வந்து குவியும், வெயில் இருக்காது. வீட்டுக்குள் காற்றாடி போட்டுக் காய வைத்தால் உள்ளே ஈரம் நின்று நாலு நாளில் பூஞ்சை. "மழையில ஏன் அப்பளம் இடுத? வெயில்ல இட்டு வச்சு மழையில வித்துக்கோ" என்றீர்கள். கேட்க எளிசாக இருந்தாலும் 260 கிலோ அப்பளத்துக்கு 40,000க்கு மேல் முதல் போட வேண்டும், அது என்னிடம் எந்த வருஷமும் இருந்ததில்லை, கடைகளில் மாட்டிக்கொண்டு கிடந்தது. இந்த வருஷம் ஆவணி, புரட்டாசி வெயிலில் இட்டு, நன்றாகக் காய வைத்து, தகர டின்களில் அடைத்து மூடி வைத்தோம். ஐப்பசியில் மழை பிடித்தபோது முதல் முறையாக வானத்தைப் பார்த்து வயிறு கலங்கவில்லை. ஒரு டின் கூடக் கெடவில்லை. மகளிர் குழுக் கடனின் கடைசித் தவணையை நவம்பரில் கட்டிவிட்டேன்.

சென்னையில் ஒரு சமையல் காண்டிராக்டர் இருபது நாளில் 500 கிலோ கேட்டதையும் சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "யார் இடுவா? எங்க காய வைப்ப? காசு எப்ப வரும்?" என்று மூன்றே கேள்வி. இரண்டுக்குப் பதில் இல்லை. 150 கிலோ மட்டும், பாதிப் பணம் முன்பணம் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். மாசியில் மறுபடி 150 கேட்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. பிரண்டை அப்பளத்தை நிறுத்து, நார் எடுத்து இடித்துச் சாறு பிழிய நேரம் போகிறது என்றீர்கள். கணக்குப்படி நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அது ஆச்சி கைப்பக்குவம், அதைக் கேட்டு வாங்குகிற வயசானவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அம்மாவுக்கும் விட மனசில்லை. மாசம் பத்து கிலோ மட்டும், 300 ரூபாய் விலையில், கூலியையும் சேர்த்து எழுதித்தான் போடுகிறேன். கோபப்படாதீர்கள்.

என்னை உங்களுக்கு முன்பின் தெரியாது. சொந்தமும் இல்லை, ஊர்க்காரியும் இல்லை. வருஷம் பூராவும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தால்கூட எடுத்தீர்கள், ஒரு தடவையும் சலித்துக்கொள்ளவில்லை, இதுவரை எங்களிடம் ஒரு கட்டு அப்பளம் கூட சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. தம்பி இப்போது மாசம் இருபது கிலோ எடுக்கிறார், பில்லும் அன்றன்றைக்கே முடித்துவிடுகிறார், நீங்கள் சொல்லித்தான் இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். ரொம்ப நன்றி அண்ணாச்சி.

பொங்கல் முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு காலைப் பாசஞ்சரில் வருகிறோம். அம்மா உங்களைப் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டும் என்று தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிரண்டை அப்பளம் ஒரு கிலோ கொண்டு வருவோம், அதற்குக் காசு கொடுக்கக் கூடாது. நோட்டையும் எடுத்து வருகிறேன். ஜூலையில் உளுந்துக் கணக்கு ஒரு பக்கம் எனக்கே புரியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இசக்கி
கல்லிடைக்குறிச்சி, டிசம்பர் 30