ஐடியை முடக்கினால் ஒரு மனிதர் பதில் சொல்லட்டும்

மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே,

டெலிவரித் தொழிலாளர் பாதுகாப்பு மசோதாவை ஆதரித்துப் பேச எழுந்திருக்கிறேன். எனக்கு ஐந்து நிமிடம்தான். அதனால் விபத்துக் காப்பீட்டையும் நல நிதியையும் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஒவ்வொரு ஆர்டரிலிருந்தும் ஒரு சிறு பங்கை நல நிதிக்கு எடுப்பது 2023-லேயே ராஜஸ்தான் சட்டமாக்கிய வழி. அதில் இந்த அவைக்குப் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் 9-ஆவது பிரிவில்தான். காரணத்தை எழுத்தில் சொல்லாமல் ஒருவருடைய ஐடியை முடக்கக் கூடாது, அவர் முறையிட்டால் ஏழு நாளுக்குள் ஒரு மனிதர் அதை விசாரிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

என் அண்ணன் டெலிவரி வேலை பார்க்கிறார். ஒரு நாள் காலையில் ஹெல்மெட்டை மாட்டி, பையைப் பின்னால் கட்டி, வண்டியையும் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். லாகின் ஆகவில்லை. 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்று ஒரே ஒரு வரி. உதவிப் பகுதியில் எழுதிக் கேட்டார். என்ன கேட்டாலும், 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற அதே பதில் வந்துகொண்டிருந்தது. அலுவலகத்துக்கே போனார். வாசலில் இருந்த காவலாளி, "ஆப்புல போட்டு விடுங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

நான்காவது நாள்தான் விஷயம் தெரிந்தது. பொருள் வந்து சேரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்திருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பொருளை ஒப்படைத்தபோது எடுத்த போட்டோ அண்ணனின் போனில் இருந்தது. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பதினோராவது நாள் ஐடி தானாகத் திரும்பி வந்தது. தவறு எங்களுடையது என்று ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பதினோரு நாளும் வண்டித் தவணை நிற்கவில்லை, வீட்டு வாடகை நிற்கவில்லை. வருமானம் மட்டும் நின்றது.

எனக்கு முன்னால் பேசிய எதிர்க்கட்சி உறுப்பினர், இவர்கள் ஊழியர்கள் இல்லை, சுதந்திரமாகத் தொழில் செய்யும் பார்ட்னர்கள் என்றார். நினைத்த நேரத்தில் வேலைக்கு வரலாம் என்பது உண்மைதான், பலர் அதை விரும்பித்தான் வருகிறார்கள். ஆனால் ஒரு டெலிவரிக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது யார்? இன்சென்டிவ் கணக்கை வாரத்தின் நடுவில் மாற்றுவது யார்? திரையில் ஆர்டர் ஒலித்ததும் சில நொடிக்குள் எடுக்க வேண்டும். நாலைந்து ஆர்டரை வேண்டாம் என்று சொன்னால் அப்புறம் வருவது குறைந்துவிடுகிறது என்று ரைடர்கள் சொல்கிறார்கள். விலை சொல்லவும் முடியாது, ஏன் என்று கேட்கவும் முடியாது என்றால், அவர் எந்த வியாபாரத்தில் பார்ட்னர்?

9-ஆவது பிரிவு நடைமுறைக்கு ஒத்து வராது என்றும் அந்த எதிர்க்கட்சி உறுப்பினர் சொன்னார். கணக்கை முடக்கும் முடிவை ஒரு மனிதர்தான் எடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய உத்தரவு சொல்கிறது. ஸ்பெயின் 2021-லேயே டெலிவரி ரைடர்களை ஊழியர்களாகக் கருதும் சட்டம் கொண்டுவந்தது. வேலையைப் பாதிக்கும் அல்காரிதம் எந்த அடிப்படையில் முடிவெடுக்கிறது என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்லவும் அந்தச் சட்டம் வைத்தது. அவற்றோடு ஒப்பிட்டால் நம் மசோதா கேட்பது மிகக் குறைவு. வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதை நொடிக்கு நொடி பார்க்க முடிகிற நிறுவனத்தால், ஒரு போட்டோவைத் திறந்து பார்க்க ஒரு ஆளை வைக்க முடியாதா?

செலவு கூடும் என்ற கவலை நியாயமானது, மறுக்க மாட்டேன். ஆனால் இன்றைக்கும் அந்தச் செலவு இருக்கிறது, அவைத் தலைவர் அவர்களே. தவறான புகாருக்கு என் அண்ணன் பதினோரு நாள் சம்பாத்தியத்தைக் கொடுத்தார். அதைத் தாங்கக் கூடியவர் தாங்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மசோதாவில் ஒரு குறையும் இருக்கிறது. ஆளும் தரப்பில் இருந்துகொண்டே சொல்கிறேன். ஆர்டர் கையில் இருக்கும் நேரத்தை மட்டுமே 5-ஆவது பிரிவு வேலை நேரமாக எடுத்துக்கொள்கிறது. ஆன்லைனில் இருந்தபடி கடை வாசலில், வெயிலில், போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. செயலியில் இருந்துகொண்டு சவாரிக்குத் தயாராகக் காத்திருந்த நேரமும் வேலை நேரமே என்று டாக்சி ஓட்டுநர்கள் தொடர்ந்த வழக்கில் 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே 5-ஆவது பிரிவில் 'ஆர்டர் ஏற்ற நேரம் முதல்' என்ற சொற்களை நீக்கி, 'செயலியில் நுழைந்து ஆர்டருக்குத் தயாராக இருக்கும் நேரம் முதல்' என்று சேர்க்கும் திருத்தத்தை முன்மொழிகிறேன்.

இந்தத் திருத்தத்தோடு மசோதாவை நிறைவேற்றித் தரும்படி இரு தரப்பு உறுப்பினர்களையும் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.