முதுகலை ஆய்வேடு: 28 வார வேலைத் திட்டம்

மதிப்பிற்குரிய மேடம்,

இரவுப்பணி, பகல்பணி செவிலியரின் தூக்கத் தரத்தை ஒப்பிடும் ஆய்வுக்கான திட்டம் இது. வியாழக்கிழமை பேசுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் 4 வாரம் முந்தைய ஆய்வுகளைப் படிப்பதும் முன்மொழிவு எழுதுவதும். 4-ஆம் வாரக் கடைசியில் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போய்விடும். பதில் வர 6 வாரம் ஆகலாம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். அதுவரை 2, 3-ஆம் இயல்களின் முதல் வரைவை முடிப்பேன். ஒப்புதல் வரும் முன் ஒருவரிடமும் வினாத்தாள் போகாது, முன்னோட்டத்துக்குக்கூட. 11-ஆம் வாரம் 10 பேரிடம் முன்னோட்டம்.

சிக்கல் தரவு சேகரிப்பில்தான். பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவீடு கடந்த ஒரு மாதத் தூக்கத்தைக் கேட்கிறது. மருத்துவமனையில் பணி அட்டவணை மாதாமாதம் மாறுகிறது. மாத நடுவில் கேட்டால் இரண்டு ஷிப்டும் ஒரே மதிப்பெண்ணில் கலந்துவிடும். அதனால் மாதக் கடைசி வாரத்தில் மட்டுமே வினாத்தாள் தர முடியும். ஒரு வாரம் தவறினால் ஒரு மாதம் போச்சு! என் கணக்கில் அந்த வாரங்கள் 12, 16. மூன்றாவது வாய்ப்பாக 20-ஆம் வாரத்தைக் கையிருப்பில் வைத்திருக்கிறேன். 17 முதல் 20 வரை வேறு எந்த வேலையும் போடாததற்குக் காரணம் இதுதான். அது தேவைப்படாவிட்டால் பகுப்பாய்வு 4 வாரம் முன்னால் தொடங்கும்.

நடுத்தர அளவு வித்தியாசத்தை (0.5) 80% திறனோடு கண்டுபிடிக்க குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128. எல்லாரும் திருப்பித் தரமாட்டார்கள் என்பதால் 180 வினாத்தாள். 12-ஆம் வார முடிவில் 60-க்குக் குறைவாக வந்திருந்தால் இரண்டாவது மருத்துவமனைக்குப் போவேன். அதற்கான அனுமதிக் கடிதத்தை 5-ஆம் வாரத்திலேயே கொடுத்துவிடுகிறேன், கடைசி நேரத்தில் அலைய முடியாது. 20-ஆம் வாரத்துக்குப் பிறகு எத்தனை பேர் இருந்தாலும் நிறுத்திக்கொள்வேன். குழுவுக்கு 50 பேர்தான் கிடைத்தால் சுமார் 0.57-க்கு மேற்பட்ட வித்தியாசத்தையே அதே திறனோடு பிடிக்க முடியும். அதை வரம்புகள் பகுதியில் எழுதிவிடலாம்.

21, 22 பகுப்பாய்வு. 23 முதல் 25 வரை மீதி இயல்கள். 25-ஆம் வார வெள்ளிக்கிழமை முழு வரைவு உங்கள் மேசையில். நீங்கள் படிக்க 26, 27. திருத்தி, பைண்டிங் முடித்து 28-இல் சமர்ப்பிப்பு.

சந்திப்பு ஒருவாரம் விட்டு ஒருவாரம், வியாழன், அரை மணி நேரம். முந்தைய நாள் ஒரு பக்கக் குறிப்பு அனுப்புவேன்: என்ன முடிந்தது, எங்கே நிற்கிறது, உங்களிடமிருந்து எந்த முடிவு வேண்டும். பேசி முடிவானதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதிவிடுவேன். தரவு சேகரிக்கும் இரண்டு வாரங்களில் மட்டும் பத்து நிமிடத் தொலைபேசி போதும்.

இந்த வியாழன் இரண்டு முடிவு வேண்டும் மேடம்: இரண்டாவது மருத்துவமனைக்கு உங்கள் பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா? 26, 27-ஆம் வாரங்களில் ஊரில் இருப்பீர்களா?

இப்படிக்கு,
தங்கள் ஆய்வு மாணவி