உள்ளகப் புள்ளிகள் கணக்கிடப்படும் முறை

ஹட்டன்
இரண்டாம் ஆண்டு புள்ளிவிபரவியல் மாணவர்களுக்கு

அன்புள்ள மாணவர்களே,

அறிவித்தல் பலகையில் உள்ளகப் புள்ளிகள் போட்ட அன்று, மஸ்கெலியாவிலிருந்து வரும் மாணவி ஒருவர் மழையில் நனைந்த விடைத்தாள்களோடு என் அறைக்கு வந்தார். தன் கணக்குப்படி 29தான் வருகிறது, பலகையில் 31 இருக்கிறது, பிறகு குறைத்துவிடுவீர்களா சேர் என்று கேட்டார். அவருக்குத் தெரியாதது உங்களில் பலருக்கும் தெரியாது. பாட ஆரம்பத்திலேயே நான் எழுதித் தந்திருக்க வேண்டும்.

உள்ளகப் புள்ளி மொத்தம் 40. இறுதிப் பரீட்சைக்கு 60. அந்த 40இல் தேர்வுகளுக்கு 25, ஒப்படைகளுக்கு 15.

மூன்று தேர்வுகளும் தலா 50 புள்ளிக்கு. கூடிய இரண்டை மட்டும் எடுப்போம். அந்த மாணவி பெற்றது 28, 41, 36. அவர் மூன்றுக்கும் சராசரி பார்த்திருந்தார், பிழை அங்கேதான். 28ஐ விட்டுவிட்டால் 41 + 36 = 77. நூற்றுக்கு 77 என்பது 25க்கு 19.25.

ஒப்படை இரண்டும் தலா 20க்கு. இதில் எதையும் விடுவதில்லை. 14 + 16 = 30. நாற்பதுக்கு 30 என்பது 15க்கு 11.25.

கூட்டினால் 30.5, அதனால் 31. முழு எண்ணாக்குவது கடைசியில் ஒரு தடவைதான். 19.25ஐ 19 என்றும் 11.25ஐ 11 என்றும் முதலே மாற்றினால் 30தான் வரும், ஒரு புள்ளி அநியாயமாகப் போய்விடும்.

எக்செலில் நீங்களே பார்க்கலாம். B, C, D தேர்வுகள். E, F ஒப்படைகள். வராத தேர்வுக்குக் கட்டத்தை வெறுமையாக விடாமல் 0 போடுங்கள்:

```
=ROUND((LARGE(B2:D2,1)+LARGE(B2:D2,2))/100*25+(E2+F2)/40*15,0)
```

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கணக்கில் சேரும் தேர்வில் ஒரு புள்ளி கூடினால் உள்ளகத்தில் 0.25 கூடும். ஒப்படையில் ஒரு புள்ளி கூடினால் 0.375. "ஒப்படைதானே" என்று கடைசி இரவில் எழுதுகிறீர்களே, அங்கேதான் புள்ளி கரைகிறது. அந்த மாணவி இரண்டாவது ஒப்படையைத் தராமல் விட்டிருந்தால் 6 புள்ளி போயிருக்கும். அதைச் சரிக்கட்ட தேர்வுகளில் 24 புள்ளி கூடுதலாக எடுக்க வேண்டும். அவருக்கு மிச்சமிருந்ததே 23தான்!

ஒரு தேர்வுக்கு வர முடியாமல் போனால் பயப்பட வேண்டாம், விடுபடுவது அதுவாகவே இருக்கும். இரண்டு தவறினால் ஒன்று பூச்சியமாகச் சேரும். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் ஒரு வாரத்துக்குள் கொண்டு வாருங்கள், மறுதேர்வு வைக்கிறேன். தோட்டத்தில் சிக்னல் இல்லாதவர்கள் ஒப்படையைக் கையால் எழுதி அலுவலகத்தில் கொடுக்கலாம். அதற்காக ஒரு புள்ளியும் குறையாது.

உங்கள் கணக்கும் பலகையும் ஒத்துவராவிட்டால் வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பிறகு விடைத்தாள்களோடு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் புள்ளிவிபரவியல் விரிவுரையாளர்