பேக்கரிக் கடன் பற்றி வீட்டாருக்கு

அன்புள்ள அப்பா, அம்மா, சாந்தி,

இரவுச் சாப்பாட்டின்போது இந்தப் பேச்சை எடுத்தால் அரைவாசியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். சாந்தி, அம்மாவுக்கு நீயே வாசித்துக் காட்டு. கணக்கு வரும் இடங்களில் அவசரப்படாதே. வெள்ளிக்கிழமை வங்கியில் கையெழுத்து. அதற்கு முன் உங்கள் மூவரில் யாருக்காவது மனம் ஒப்பவில்லை என்றால் நான் போகமாட்டேன்.

மொத்தச் செலவு 20 லட்சம். எரிவாயுப் போறணை ஐந்தரை லட்சம், மா பிசையும் இயந்திரம் மூன்றரை லட்சம், பழைய முச்சக்கர வண்டி ஒன்று 11 லட்சம். சீட்டுப் பணமும் சேமிப்புமாக என்னிடம் 6 லட்சம் இருக்கிறது. அதில் ஐந்தைப் போடுகிறேன். மிச்சம் 15 லட்சம்தான் கடன். அப்பா, விறகுப் போறணையை இடிக்கமாட்டேன். 2022இல் எரிவாயுவுக்கு ஊரே வரிசையில் நின்றபோது நமக்குப் பாண் போட்டுத் தந்தது அதுதான்.

வட்டி வருடத்திற்கு 14 வீதம், ஐந்து வருடம், 60 தவணை. மாதம் 34,902 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது ஏறத்தாழ 20 லட்சத்து 94 ஆயிரம், அதாவது வட்டி மட்டும் 5 லட்சத்து 94 ஆயிரம். லீசிங் கம்பனிக்காரர் ஒருவரும் "14 வீதம்தான்" என்றார். ஆனால் அவருடைய 14, கடைசித் தவணை வரை முழு 15 லட்சத்துக்கும் ஓடுகிற 14. வங்கியின் 14 மீதியாக இருக்கும் கடனுக்கு மட்டும். அவரிடம் போனால் வட்டி பத்தரை லட்சம், தவணை 42,500. வீதத்தைக் கேட்டு ஏமாறாமல் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள் என்று அப்பா எப்போதும் சொல்வது இதைத்தான்.

இனி நல்லதல்லாத பக்கம். முதல் வருடம் மட்டுமே 14 நிலையானது. பிறகு சந்தை வட்டியோடு ஏறும், இறங்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியதை மறந்துவிட வேண்டாம். இரண்டாம் வருடத்தில் 24 வீதத்துக்குப் போனால் தவணை சுமார் 41,600 ஆகும். அதையும் கட்ட முடியுமா என்று பார்த்த பிறகுதான் இந்தத் தொகையைக் கேட்டேன்.

பார்த்த கணக்கு இது. மா, கூலி, வாடகை எல்லாம் போக நல்ல மாதத்தில் கையில் நிற்பது 85,000. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மழை விடாமல் பெய்யும் மாதங்களில் 50,000. தோட்டங்களுக்கு வண்டியில் பாணும் பனிஸும் கொண்டு போனால் கூடுதலாக 60,000 வரும் என்று மச்சான் சொல்கிறார். நான் 30,000 என்றே வைத்திருக்கிறேன், மழை மாதங்களுக்கு 15,000. அப்போது தவணை போக வீட்டுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 30,000. வட்டி ஏறினால் 23,000. சாந்தியின் சம்பளத்தோடு சேர்த்தால் அடுப்பெரியும், ஆனால் இறுக்கமாக எரியும். அந்த மூன்று மாதங்களில் புதிய செலவு எதுவும் கிடையாது, கல்யாணவீட்டு மொய்யைத் தவிர. சிவனொளிபாத மலைப் பயணக் காலத்தில், டிசம்பர் முதல் மே வரை, நோர்வூட் வழியாகப் போகும் கூட்டம் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். அதை நம்பிக் கணக்குப் போடவில்லை.

தவணைத் தேதியை மாதம் 15 என்று கேட்டிருக்கிறேன். பத்தாம் தேதி தோட்டச் சம்பளம் கிடைத்த பிறகுதான் கடன் கொப்பியில் உள்ளவர்கள் பணம் தருகிறார்கள். அம்மா, அந்தக் கொப்பியை இனி ஒரு வீட்டுக்கு 3,000க்கு மேல் போக விடாதீர்கள். முகத்தைப் பார்த்துக் கொடுப்பது உங்கள் குணம், அதை மாற்றச் சொல்லவில்லை. 3,000 வரை கொடுங்கள்.

அடுத்து, யார் எதற்குக் கட்டுப்படுகிறார்கள் என்பது. கடனாளி நான். பேக்கரி என் பெயரில் பதிவு செய்த தனிநபர் வியாபாரம் என்பதால், வியாபாரத்தின் கடன் வேறு, என் கடன் வேறு என்று வாதாட முடியாது. என் பெயரில் உள்ள எதையும் வங்கி கேட்கலாம். சாந்தியும் அவள் அண்ணனும் பிணையாளர்கள். இது வெறும் சாட்சிக் கையெழுத்து இல்லை. நான் கட்டாவிட்டால் வங்கி முழுத் தொகையையும் உங்கள் இருவரில் யாரிடமும் கேட்கலாம். கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும், நாம் எல்லோரும் 'கிரிப்' என்று சொல்வதில், இந்தப் பிணை உன் பெயரில் தெரியும். நாளை வீட்டுக் கடனுக்கு நீ விண்ணப்பித்தால் அந்த அதிகாரி இதையும் பார்ப்பார். சாந்தி, உனக்கு விருப்பமில்லை என்றால் சொல். நான் கோபிக்கமாட்டேன். வண்டியை விட்டுவிட்டுப் போறணையும் இயந்திரமும் மட்டும் வாங்கலாம். அந்த 9 லட்சத்தை முழுவதும் கடனாக எடுத்தாலும் தவணை 20,941தான். அதற்கு வேறு பிணையாளர் ஒருவரைத் தேட நேரமிருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். யாராவது வீட்டுக்கு வந்து "ஒரு படிவம் மட்டும்" என்று நீட்டினாலும் வேண்டாம். அம்மாவின் பெயரில் உள்ள காணி உறுதியைக் கொடுத்தால் வட்டி 12.5க்கு வரும் என்று வங்கியில் சொன்னார்கள். கணக்குப் பார்த்தேன். மாதம் 1,155 ரூபாய் குறைகிறது. லயத்தில் வாழ்ந்து, சேமலாப நிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய எட்டுப் பேர்ச் அது. இந்தத் தொகைக்காக அதை ஈடு வைக்க என்னால் முடியாது. ஒருமுறை ஈடு வைத்துவிட்டால், தவணை தவறும்போது சட்டப்படி விற்க வங்கிக்கு வழி திறந்துவிடும்.

நான் இறந்தால் கடன் காப்புறுதி மீதியை அடைக்கும். அதற்கான கட்டணம் ஆரம்பத்திலேயே கழிக்கப்படுகிறது. நோயில் படுத்தால் அது உதவாது. அதற்காகத்தான் மிச்சமுள்ள ஒரு லட்சத்தோடு 5,000 சேர்த்து, மூன்று தவணைக்கு ஆகும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டிருக்கிறேன். வங்கி அட்டை சாந்தியிடம். தொடர்ந்து இரண்டு தவணைகளை அந்தப் பணத்தில் கட்ட நேர்ந்தால் வண்டியை விற்போம். மூன்றாவது மாதம் பார்க்கலாம் என்று யாரும் சொல்லக்கூடாது, நானும் உட்பட. வண்டிப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று வங்கியின் பெயர்தான் இருக்கும். அதனால் விற்க அவர்கள் அனுமதி வேண்டும், விற்ற பணமும் முதலில் அவர்களுக்கே போகும். இடையில் கைமாற்றாக மீற்றர் வட்டிக்காரரிடமோ குழுக் கடனிலோ வாங்கித் தவணை கட்டுவது இல்லை. அடுத்த லயத்தில் அப்படித் தொடங்கியவர்கள் எப்படி முடிந்தார்கள் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு கேள்விகளுக்கு வங்கியிடமிருந்து எழுத்தில் பதில் கேட்டிருக்கிறேன்: தவணை ஒரு வாரம் தாமதமானால் தண்டப்பணம் எவ்வளவு, ஐந்து வருடத்துக்கு முன்பே அடைத்தால் கட்டணம் உண்டா. புதன்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மச்சானும் வருகிறார். உங்களுக்குத் தோன்றும் சந்தேகங்களை இந்தத் தாளின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். அப்பா, உங்கள் மூக்குக்கண்ணாடி மேசையின் இடது இழுப்பறையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ராஜா