போட்டோவுக்கு முன்னால் பத்து நிமிடம்

பள்ளி ஆண்டு விழாவுக்கான ஒரு காட்சி நாடகம்

பாத்திரங்கள்: தினேஷ், கயல்விழி, அபிநயா, ரஹீம், சுடலைமுத்து (எல்லோரும் பத்தாம் வகுப்பு), போட்டோக்காரர் (குரல் மட்டும்)

நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: சுடலைமுத்துவாக நடிப்பவரின் முகத்தில் மை பூசாதீர்கள். யார் நன்றாக நடிக்கிறாரோ அவர் நடிக்கட்டும், எந்த நிறமாக இருந்தாலும் சரி. தினேஷ் அடித்த ஜோக் மேடையில் முழுதாக வராது. முதல் ஒத்திகையில் அதை முழுதாகச் சொல்ல வைத்தோம். பார்த்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் பேசிய எதுவும் எடுபடவில்லை.

இடம்: தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளி. வேப்பமரத்தடியில் இரண்டு நீள பெஞ்சுகள். குரூப் போட்டோ எடுக்கப் போகிறார்கள்.

(திரை விலகும்போது சிரிப்புச் சத்தம் அடங்கிக்கொண்டிருக்கிறது. சுடலைமுத்துவும் சிரித்தபடியே மேடையின் ஓரமாக நடந்து வெளியே போகிறான்.)

தினேஷ்: (பின்னாலிருந்து கத்துகிறான்) டேய், எங்கேடா போகிறாய்?

சுடலைமுத்து: (திரும்பாமல்) தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

போட்டோக்காரர் குரல்: தம்பி, கேமராவுக்கு வேறு பேட்டரி மாற்ற வேண்டும். பத்து நிமிடம் பொறுங்கள்.

கயல்விழி: தினேஷ், அது தேவையா?

தினேஷ்: எது?

கயல்விழி: போட்டோக்கார அண்ணனிடம் நீ சொன்னது.

தினேஷ்: அட, அதுவா! அவனே சிரித்தானே. எல்லோரையும்விட அவன்தான் அதிகம் சிரித்தான். நீயும்தான் சிரித்தாய்.

கயல்விழி: ஆமாம், சிரித்தேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

தினேஷ்: நானும் அவனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். என் டிபன் பாக்ஸில் பாதி அவன் வயிற்றுக்குத்தான் போகிறது. நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ரஹீம்: (மெதுவாக) காலையில் அவன் என்னிடம் பவுடர் கேட்டான்.

அபிநயா: யார், சுடலையா?

ரஹீம்: ம். இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. “போட்டோவுக்குடா” என்றான். கொடுத்தேன். கொஞ்சம் திட்டாகத் தெரிந்தது. நான்தான் தேய்த்துவிட்டேன்.

(அமைதி. தினேஷ் காலால் மண்ணைக் கிளறுகிறான்.)

தினேஷ்: எனக்கு அது தெரியாது.

அபிநயா: தெரிந்திருந்தால் பவுடரை வைத்தும் ஒன்று சொல்லியிருப்பாய். இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? தோலில் மெலனோசைட் என்று செல்கள் இருக்கின்றன. உனக்கும் எனக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை எவ்வளவு மெலனின் உண்டாக்குகின்றன என்பதில்தான் வித்தியாசம். அந்த மெலனின்தான் புற ஊதாக் கதிரிலிருந்து...

கயல்விழி: அபி, தேர்வில் எழுது. ஐந்து மதிப்பெண். இதெல்லாம் தெரிந்த நீயும்தானே சிரித்தாய்?

(அபிநயா வாயை மூடிக்கொள்கிறாள்.)

ரஹீம்: எங்கள் வீட்டில் அக்கா மாசமாக இருந்தபோது தினமும் குங்குமப்பூ போட்ட பால். குழந்தை சிவப்பாகப் பிறக்குமாம். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் முதலில் என்ன கேட்டார்கள் தெரியுமா? எடை கேட்கவில்லை. நிறம் கேட்டார்கள்.

கயல்விழி: என் அக்காவுக்கு வரன் பார்க்கும்போது ஜாதகத்தோடு ஒரு தாள் கொடுத்தோம். அதில் அப்பா ‘மாநிறம்’ என்று எழுதினார். அக்கா என்னைவிடக் கருப்பு. அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது யாருப்பா?” என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை.

அபிநயா: அம்மாவின் அலமாரியில் அந்த கிரீம் இன்னும் இருக்கிறது. 1975-ல் வந்ததாம். 2020-ல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டார்கள். அம்மா கடையில் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்லிக் கேட்கிறாள்.

தினேஷ்: அப்படியென்றால் ஊரே சொல்கிறது. நான் மட்டும் சொன்னால் குற்றமா?

கயல்விழி: சரி. குற்றமில்லை, வெறும் ஜோக் என்றே வைத்துக்கொள்வோம். இன்னொரு தடவை சொல். ஆனால் நாங்கள் சிரிக்க மாட்டோம். நீ சொல்லி முடி.

தினேஷ்: இதென்ன விளையாட்டு?

கயல்விழி: நல்ல ஜோக்தானே, சொல்.

தினேஷ்: (சிரிக்க முயன்று) “அண்ணா, இவனை எடுக்க வேண்டுமென்றால் பிளாஷ் போடுங்கள், இல்லையென்றால்...”

(நிறுத்துகிறான். மூவரும் அவனையே பார்க்கிறார்கள்.)

ரஹீம்: இல்லையென்றால்?

தினேஷ்: விடுடா.

ரஹீம்: ஆறாம் வகுப்பில் காக்கா. ஏழில் தார் ரோடு. எட்டில் கரண்ட் போனால் ஆளைத் தேட வேண்டும் என்பது. ஒன்பதில் நீ எதுவும் சொல்லவில்லை, கவனித்தாயா? அந்த வருடம் முழுக்க அவனே சொன்னான். நீ வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவான். ஒருநாள் ஏன்டா என்று கேட்டேன். “நானே சொல்லிவிட்டால் சின்னதாகச் சொல்லி முடித்துக்கொள்ளலாம்” என்றான்.

(சுடலைமுத்து வருகிறான். முகம் கழுவியிருக்கிறான். சட்டைக் காலர் நனைந்திருக்கிறது. எல்லோரும் சட்டென்று பேச்சை நிறுத்துகிறார்கள்.)

சுடலைமுத்து: என்ன, செத்த வீடு மாதிரி இருக்கிறது? பேட்டரி போட்டாயிற்றா?

அபிநயா: (அவசரமாக) சுடலை, உன் நிறத்துக்கு என்ன குறைச்சல்? லீவு நாளெல்லாம் உன் அப்பாவோடு உப்பளத்தில் நிற்கிறாய். அங்கே மேலேயும் வெயில், கீழே உப்பிலிருந்தும் வெயில். யாராக இருந்தாலும் கருக்கத்தான் செய்வார்கள்.

சுடலைமுத்து: உப்பளம் இல்லை, அபி. நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான். உப்பளத்துக்குப் போகாத என் தங்கையும் இப்படித்தான். (சிறிது நேரம் கழித்து) அவன் கேலி செய்கிறான், நீ காரணம் கண்டுபிடிக்கிறாய். இரண்டு பேருமே இதை ஏதோ சரிக்கட்ட வேண்டிய கணக்கு மாதிரிப் பேசுகிறீர்கள்.

(அபிநயா தலையைக் குனிகிறாள்.)

தினேஷ்: சுடலை... பவுடர் விஷயம் எனக்குத் தெரியாதுடா.

சுடலைமுத்து: (ரஹீமைப் பார்த்து) சொல்லிவிட்டாயா? (தினேஷிடம்) கழுவிவிட்டேன். வேர்வையில் வழிந்து ஒரு மாதிரி இருந்தது.

தினேஷ்: நீ சிரித்தாயே. சிரிக்காமல் ஒரு தடவை முறைத்திருந்தால்கூட நிறுத்தியிருப்பேன்.

சுடலைமுத்து: முறைத்தால் என்ன சொல்வாய்? “இதுக்கெல்லாமா கோபப்படுவது” என்பாய். அப்புறம் கருப்பன் என்ற பெயரோடு மூஞ்சி தூக்குகிறவன் என்ற பெயரும் சேரும். சிரிப்பது சுலபம்டா.

தினேஷ்: (நீண்ட அமைதிக்குப் பிறகு) காக்கா என்று முதலில் சொன்னது நான்தான், இல்லையா?

சுடலைமுத்து: ஜூன் மாதம். பள்ளி திறந்த இரண்டாவது நாள்.

தினேஷ்: தேதியோடு ஞாபகம் வைத்திருக்கிறாய்.

சுடலைமுத்து: நீ அன்றைக்குத்தான் உன் பெஞ்சில் எனக்கு இடமும் கொடுத்தாய். இரண்டும் ஒரே நாள். ஒன்றை மட்டும் எப்படி மறப்பது?

போட்டோக்காரர் குரல்: ரெடி! குள்ளமானவர்கள் முன்னால் உட்காருங்கள், உயரமானவர்கள் பெஞ்ச் மேல்.

(எல்லோரும் நகர்கிறார்கள். சுடலைமுத்து பழக்கத்தில் பின்வரிசைக் கடைசிக்குப் போய் பெஞ்ச் மேல் ஏறுகிறான்.)

கயல்விழி: சுடலை, நீ என்னைவிடக் குள்ளம். நான்கு வருடமாக அங்கே ஏன் ஏறுகிறாய்?

(அவன் ஒரு கணம் நிற்கிறான். இறங்கி முன்வரிசைக்கு வந்து, நடுவில் உட்காருகிறான். தினேஷ் அவன் பக்கத்தில் உட்காரலாமா என்று தயங்குகிறான். சுடலைமுத்து பார்க்கவில்லை, ஆனால் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறான்.)

தினேஷ்: (உட்கார்ந்துகொண்டு, மெல்ல) மன்னித்துவிடு என்று இத்தனை பேர் நடுவில் சொல்ல வரவில்லைடா.

சுடலைமுத்து: கேலியை மட்டும் இத்தனை பேர் நடுவில் சொல்ல வந்தது.

(தினேஷ் எழுந்து நிற்கிறான். எல்லோரையும் பார்க்கிறான்.)

தினேஷ்: (குரல் கம்முகிறது) நான் சற்று முன் சொன்னது தப்பு. சுடலை, மன்னித்துவிடு.

போட்டோக்காரர் குரல்: தம்பி, உட்காருப்பா! வெளிச்சம் போகிறது. எல்லோரும் கொஞ்சம் சிரியுங்கள் பார்க்கலாம்... என்ன, ஒருவருமே சிரிக்க மாட்டேன் என்கிறீர்கள்? இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

(எல்லோரும் பழக்கத்தில் சுடலைமுத்துவைப் பார்க்கிறார்கள்.)

சுடலைமுத்து: என்னைப் பார்க்காதீர்கள். இன்றைக்கு என்னிடம் ஜோக் இல்லை.

(கேமரா கிளிக் சத்தம். எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க, திரை.)