பதிலுக்குக் காத்திருந்த எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து உங்கள் சுங்குடி அக்கா எழுதுகிறேன்.

தீபாவளிச் சமயத்தில் நீங்கள் அனுப்பிய செய்திகளுக்கு என்னிடமிருந்து ஒரு வரிகூட வராததற்குக் காரணம் டெங்கு காய்ச்சல். ஐப்பசி மழை தொடங்கிய கையோடு படுத்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநாள் எழுந்து உட்கார முடியாமல் கிடந்தேன். இப்போது நடமாடுகிறேன், சோறு இறங்குகிறது. விரல் மூட்டுகளில் மட்டும் வலி இன்னும் விடவில்லை.

போனைத் திறந்தபோது படிக்காத செய்திகள் அறுநூற்றைத் தாண்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒருவருக்குச் சேலைக் கரையின் நிறத்தைச் சொல்லி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போனது. அதனால்தான் எல்லோருக்கும் இந்த ஒரே பதில். பணம் சம்பந்தப்பட்ட செய்திகளையும் நலம் விசாரித்தவற்றையும் படித்துவிட்டேன். மற்றவற்றைப் படிக்கவில்லை, இனிப் படிக்கப்போவதும் இல்லை. இதைச் சொல்லாமல் "விரைவில் பதில் தருகிறேன்" என்று எழுதினால் நீங்கள் இன்னும் காத்திருப்பீர்கள். அப்படி உங்களைக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டது இன்னும் தேவைப்பட்டால் தயவுசெய்து புதிதாக ஒரு செய்தி அனுப்புங்கள். தேவை முடிந்துவிட்டதென்றால் எதுவும் எழுத வேண்டாம், எனக்கு வருத்தமில்லை.

முன்பணம் கட்டிய எல்லோருடைய கணக்கும் ஆர்டர் நோட்டில் பத்திரமாக இருக்கிறது. தம்பி மகள் பக்கத்தில் உட்கார்ந்து வங்கி வரவோடு ஒத்துப் பார்த்துவிட்டாள். தீபாவளிக்குக் கேட்ட சேலை இனி எதற்கு என்று நினைப்பவர்கள் "பணம்" என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், முழுத் தொகையும் இந்த வாரமே திரும்ப வரும். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்கு உடுத்திக்கொள்ளலாம் என்பவர்கள் "பொங்கல்" என்று அனுப்புங்கள். இரண்டும் அனுப்பாதவர்களை நானே போனில் கூப்பிடுவேன். வளைகாப்புக்குக் கேட்டிருந்த மேலூர்த் தங்கையிடம் முதலிலேயே பேசிவிட்டேன். நாள் கடந்துபோன அந்த ஒரு சேலைதான் எனக்கு ஆறவே இல்லை.

வேலை நின்றுவிட்டதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நிற்கவில்லை. மகால் பக்கத்துப் பெண்கள் தங்கள் வீடுகளில் முடிச்சுப் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அவர்களுடைய கூலியைத் தம்பி தவறாமல் கொடுத்துவிட்டான். அந்தக் கூலியில்தான் அவர்கள் வீட்டுத் தீபாவளி நடக்க வேண்டும். தாமதம் சாயத்தில்தான். மழை விடாமல் பெய்ததால் துணி காயவில்லை. சாயம் ஏறிய அரக்குச் சேலை ஒன்று, முடிச்சு அவிழ்க்காமல் பலாப்பழத் தோல்போல முள்முள்ளாக என் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நேற்று அதன் ஒரு முனையை நானும் மறுமுனையைத் தம்பி மகளும் பிடித்து இழுத்தோம். நூல் படபடவென்று தெறித்தது. முடிச்சு இருந்த இடமெல்லாம் சாயம் படாத வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் கிள்ளிய சுருக்கத்தோடு விரிந்தன. பாதிச் சேலை வரைதான் என்னால் முடிந்தது. அது போதும் என்று அவள் வாங்கி மடித்து வைத்துவிட்டாள்.

புதுச் சேலையில் சாயம் போகிறதே என்ற கேள்வியும் நிறைய வந்திருக்கும் என்று தெரியும். முதல் சில முறை தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊற வைக்காமல் அலசுங்கள். நிழலில் காய வையுங்கள்.

காய்ச்சலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். காய்ச்சல் விட்டதும் பிழைத்தோம் என்று எழுந்து வேலை பார்க்கக் கூடாது. டெங்குவில் ஆபத்தான நேரமே அதுதான் என்று டாக்டர் சொன்னார். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடம்பு வலிக்கிறதே என்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ரத்தக் கசிவு கூடிவிடும். எனக்குப் பாராசிட்டமால் மட்டும்தான் கொடுத்தார்கள். தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம்மையும் குடத்தையும் மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், கொசு முட்டை பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும்.

இனிக் காலை பத்து முதல் பன்னிரண்டு மணி வரை மட்டும் செய்திகளைப் பார்ப்பேன். குரல் பதிவாக அனுப்பினால் எனக்குச் சுலபம். பொங்கலுக்குப் புது ஆர்டர் எடுக்கவில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்டவற்றை முடித்துவிட்டுத் தை மாதம் தொடங்குகிறேன்.

நலம் விசாரித்தவர்கள், வீட்டுக்குக் கஞ்சியும் இளநீரும் கொடுத்தனுப்பியவர்கள், "சேலை இருக்கட்டும், முதலில் உடம்பைப் பாருங்கள் அக்கா" என்று எழுதியவர்கள் அனைவருக்கும் என் நன்றி. உங்கள் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சுங்குடி அக்கா