எதிர்வழக்குரை: கடன் உண்மை, மாதம் 4 சதவீத வட்டி உண்மையல்ல

சிங்கப்பூர் அரசு நீதிமன்றங்கள், மஜிஸ்ட்ரேட் நீதிமன்றம்
வழக்கறிஞர் இல்லாமல் நானே வாதாடும் பிரதிவாதி தாக்கல் செய்வது. சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது.

1. 1.4.2023 அன்று வாதியிடம் 18,000 வெள்ளி கடன் வாங்கினேன். தேக்காவில் உள்ள என் பூக்கடைக்கு முன்பணம் கட்ட அது தேவைப்பட்டது. கைச்சீட்டில் இருப்பது என் கையெழுத்துதான். இதில் எதையும் மறுக்கவில்லை.

2. மாதம் 4 சதவீதம் தருவதாக நான் ஒப்புக்கொண்டதாக வாதி சொல்வதை முழுவதும் மறுக்கிறேன். பேசியது வருடத்துக்கு 6 சதவீதம், அதுவும் பாக்கி அசலுக்கு மட்டும். பணம் கொடுத்த அன்று இரவு 9.40க்கு வாதி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: "வருஷத்துக்கு ஆறு போதும் தம்பி. மாசாமாசம் கட்டுறதை அசல்ல கழிச்சுக்கலாம்."

3. கைச்சீட்டு கறுப்பு மையில் எழுதப்பட்டது. வாதி இப்போது காட்டும் நகலில் "மாதம் 4%" என்ற வரி மட்டும் நீல மையில், என் கையெழுத்துக்குக் கீழே இருக்கிறது. கையெழுத்துப் போட்ட காப்பிக்கடை மேசையிலேயே அந்தச் சீட்டை நான் கைப்பேசியில் படம் எடுத்தேன். அந்தப் படத்தில் கையெழுத்துக்குக் கீழே வெற்றுத்தாள்தான் இருக்கிறது. மூலச் சீட்டை வாதி நீதிமன்றத்தில் காட்ட வேண்டும்.

4. உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர்களே மாதம் 4 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்பது 1.10.2015 முதல் சட்டம். வாதியிடம் அந்த உரிமம் இல்லை. அவரை ஆலோங் என்று நான் சொல்ல வரவில்லை. கஷ்டத்தில் கைகொடுத்தவர், இன்றும் எனக்கு அண்ணன்தான். அந்த விகிதம் எங்கள் பேச்சிலேயே வரவில்லை என்றுதான் சொல்கிறேன்.

5. ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் 500 வெள்ளி, மொத்தம் 6,000 வெள்ளி, பேநவ் வழியாகக் கட்டினேன். ஒவ்வொன்றிலும் "அசல்" என்று குறிப்பு போட்டேன். வாதி ஒருமுறைகூட ஆட்சேபிக்கவில்லை. ஏப்ரல் 2025இல் அனுப்பிய 500 வெள்ளியை மட்டும், மொத்தமாகத் தா என்று சொல்லி அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்.

6. வாதியின் கணக்கு: மாதம் 720 வெள்ளி வீதம் 24 மாதத்துக்கு வட்டி 17,280. அசலோடு 35,280. கட்டிய 6,000 போக 29,280. அசல் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் அல்லவா? இதில் குறையவே இல்லை.

சரியான கணக்கு இது. முதல் வருட வட்டி 1,080 வெள்ளி. இரண்டாம் வருடம் அசல் மாதம் 500 வீதம் குறைந்ததால் 915 வெள்ளி. பாக்கி அசல் 12,000. ஆக, 31.3.2025 அன்று நான் தர வேண்டியது 13,995 வெள்ளி.

7. அந்த 13,995 வெள்ளியையும், அதற்குப் பிறகு பாக்கி அசலுக்கு மாதம் 60 வெள்ளி வட்டியையும் தரச் சம்மதிக்கிறேன். மாதம் 800 வெள்ளி வீதம் கட்ட அனுமதி கேட்கிறேன். மீதி 15,285 வெள்ளிக்கான கோரிக்கையைத் தள்ளுபடி செய்யும்படி வேண்டுகிறேன்.

கையொப்பம்: பிரதிவாதி
நாள்: 16.6.2025